எட்டுக் கிராம் பாதரசம் எங்கே போகிறது?

பொறியியல் கல்லூரிகளின் சுற்றுச்சூழல் லேபில் மாணவர்கள் தவறாமல் செய்யும் சோதனை சிஓடி. வேதிய ஆக்சிஜன் தேவை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆற்று நீரிலோ ஆலைக் கழிவுநீரிலோ எவ்வளவு கரிம மாசு இருக்கிறது என்பதை அளக்கும் சோதனை இது. இதில் ஒரு முரண் உண்டு. நீர் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பாதரசம், குரோமியம், வெள்ளி ஆகிய மூன்று உலோகங்களின் உப்புகளை அடர் கந்தக அமிலத்தில் கலந்து கொதிக்க வைக்கிறோம். சோதனை முடிந்ததும் கையில் மிஞ்சுவது, அளக்க வந்த நீரைவிடப் பல மடங்கு நஞ்சான திரவம்.

அந்தத் திரவம் என்ன ஆனது என்பதை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுத ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது ஒரே வரி: ‘கழிவுகள் விதிமுறைகளின்படி பாதுகாப்பாக அகற்றப்பட்டன.’ என்ன கழிவு, எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் சேர்ந்தது, யார் எடுத்துச் சென்றார்கள் என்ற எதற்கும் இந்த வரியில் பதில் இல்லை. சிங்க்கில் ஊற்றியவரும் இதே வரியை எழுதிவிட முடியும். கழிவுப் பத்தி என்பது சோதனை தொடங்கும் முன்பே எழுத வேண்டிய திட்டம். அப்படி எழுதினால் சோதனையே மாறிவிடும் என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

முதலில் கணக்கு

பரவலாகக் கையாளப்படும் முறை இது. ஒரு குடுவையில் 20 மி.லி. மாதிரி நீர், 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட், 0.25 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மி.லி., வெள்ளி சல்பேட் கரைத்த அடர் கந்தக அமிலம் 30 மி.லி. ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். ஆறியபின் தண்ணீர் விட்டு 150 மி.லி. ஆக்கி, ஃபெரோயின் சில சொட்டுகள் சேர்த்து, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் டைட்ரேஷன் செய்வார்கள்.

மெர்குரிக் சல்பேட்டின் எடையில் சுமார் 68 சதவீதம் பாதரசம். அப்படியானால் ஒரு குடுவையில் 0.27 கிராம் பாதரசம் இருக்கிறது. அதோடு சுமார் 0.2 கிராம் வெள்ளியும் 0.04 கிராம் குரோமியமும் சேரும். பியூரெட்டிலிருந்து இறங்கும் 25 மி.லி. வரையிலான கரைசலையும், குடுவையைக் கழுவும் தண்ணீரையும் கூட்டினால் ஒரு குடுவைக்கு 200 மி.லி. கழிவு.

ஒரு வகுப்பில் பத்துக் குழுக்கள், குழுவுக்கு மூன்று குடுவைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் மாதிரி நீர், ஒன்றில் ஒப்பீட்டுக்காக வெறும் வாலை வடிநீர். ஆக மொத்தம் 30 குடுவைகள், 6 லிட்டர் கழிவு. அதற்குள் 8 கிராம் பாதரசம், 6 கிராம் வெள்ளி, 1.3 கிராம் குரோமியம்.

எட்டுக் கிராம்தானே, நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஊற்றிவிடலாம் என்று தோன்றும். ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்பது இந்தியச் சுற்றுச்சூழல் விதி. 8 கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 8 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கணக்கிட்டால் 66 லாரிக்கு மேல். அப்படியே ஊற்றினாலும் பாதரசத்தில் ஒரு துளிகூடக் குறையாது. அது சிதையாத தனிமம். சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீனுக்குள் போய்ச் சேரும்.

அளவைக் குறைக்கும் கேள்வி

இந்தக் கணக்கைப் போட்டவருக்கு அடுத்து எழ வேண்டிய கேள்வி: பாதரசம் எதற்காகச் சேர்க்கிறோம்? மாதிரி நீரிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டோடு வினைபுரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அந்தக் குளோரைடைக் கட்டிப்போடுவதுதான் மெர்குரிக் சல்பேட்டின் வேலை. குளோரைடின் எடையைப் போலப் பத்து மடங்கு மெர்குரிக் சல்பேட் இருந்தால் போதும். 0.4 கிராம் என்பது லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரை தாங்கும் அளவு.

நாம் எடுத்த நீரில் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம்தான் என்றால், 20 மி.லி. மாதிரியில் இருப்பது 4 மில்லிகிராம். அதற்கு 40 மில்லிகிராம், அதாவது 0.04 கிராம் மெர்குரிக் சல்பேட் போதும். வெறும் வடிநீர்க் குடுவையிலும் அதே அளவு போட வேண்டும். அப்போது வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் பாதரசம் 8 கிராமிலிருந்து 0.8 கிராமாக இறங்கிவிடும். குளோரைடை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதற்கான விலை. அந்தச் சோதனையிலும் சிறிதளவு வெள்ளி, குரோமேட் கழிவு வரும் என்பதால் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இன்னும் குறைக்க வழி உண்டு. மூடிய குழாய் முறையில் 2.5 மி.லி. மாதிரியே போதும். வினைப்பொருள்கள் எல்லாம் சேர்த்து ஒரு குழாயில் 7.5 மி.லி.தான். சூடாக்கும் பிளாக் இருக்கும் லேபில் கழிவைக் குறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் திடப்பொருள்கள் மிதக்கும் கலங்கல் நீரில் இவ்வளவு சிறிய மாதிரி முழு நீரையும் பிரதிபலிக்குமா என்பதைப் பார்க்க வேண்டும்.

வினைக்குப் பின் என்ன மிஞ்சுகிறது?

பத்தி எழுதுவோர் அடிக்கடி சறுக்கும் இடம் இது. போட்ட பொருள்களின் பட்டியலையே கழிவின் பட்டியலாக எழுதிவிடுகிறார்கள். டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோயை உண்டாக்கும் வடிவம் அது. டைட்ரேஷன் முடியும் புள்ளியில் அது முழுவதும் மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடுகிறது. இதன் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைவு. ஆகவே டைட்ரேஷன் முடிந்த குடுவையில் இருப்பது வேறு, பாதியில் கைவிட்ட குடுவையில் இருப்பது வேறு.

இதைக் கண்ணாலேயே ஓரளவு அறியலாம். டைகுரோமேட் ஆரஞ்சு கலந்த மஞ்சள், மாறிய குரோமியம் பச்சை. கழிவுக் கேனில் மஞ்சள் சாயல் தென்பட்டால் யாரோ டைட்ரேஷன் செய்யாமல் ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கைவிட்ட குடுவைகளையும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் விட்டுப் பச்சையாக்கிய பிறகே கேனில் சேர்க்க வேண்டும் என்று பத்தியில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். மீதமான டைகுரோமேட் கரைசல் கழிவே அல்ல. லேபிள் ஒட்டி அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதோடு சேரக்கூடாது?

குடுவை சீக்கிரம் காய வேண்டும் என்று அசிட்டோன் விட்டு அலசுவது லேபில் பழகிப்போன வழக்கம். அலசிய அசிட்டோனை அதே கேனில் ஊற்றினால் வம்புதான். மாறாமல் கிடக்கும் டைகுரோமேட்டும் அமிலமும் சேர்ந்து கரைப்பானைத் தாக்கும், சூடேறும், மூடிய கேனில் அழுத்தம் கூடும். அதனால் கரைப்பான்களுக்குத் தனிக் கேன் வேண்டும். அதிலும் குளோரோஃபார்ம் போலக் குளோரின் கொண்டவை ஒன்றிலும், அசிட்டோன், எத்தனால் போன்றவை வேறொன்றிலும் சேர்ப்பதே முறை. எரித்து அழிக்கும் உலையில் குளோரின் கரைப்பான் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைத் தரும் என்பதால் அதைக் கையாளும் விதம் வேறு.

‘காரம் சேர்த்து நடுநிலையாக்கினோம்’ என்று சிலர் எழுதுவார்கள். ஒரு குடுவையிலுள்ள அமிலத்துக்கே 40 கிராமுக்கு மேல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவைப்படும். முப்பது குடுவைக்கு ஒரு கிலோவைத் தாண்டும். கரைசல் கொதித்துத் தெறிக்கும். இவ்வளவும் செய்த பிறகும் பாதரசம் அதிலேயேதான் இருக்கும். சல்பைடு சேர்த்தால் பாதரசம் படியும், ஆனால் அமிலம் மிச்சமிருந்தால் உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். இது மாணவர் லேபில் செய்யும் வேலை அல்ல. அமிலத்தோடே சேர்த்து வைத்து, உரியவரிடம் ஒப்படைப்பதே சரி.

பத்தி இப்படி இருக்கலாம்

இவ்வளவையும் யோசித்தவர் எழுதும் பத்தி ஏறக்குறைய இப்படி அமையும்:

‘இச்சோதனையில் 30 குடுவைகளிலிருந்து சுமார் 6 லிட்டர் அமிலக் கழிவு வரும். இதில் பாதரசம் 0.8 கிராம், வெள்ளி 6 கிராம், மூன்று இணைதிறன் குரோமியம் 1.3 கிராம், இரும்பு, ஃபெரோயின், கந்தக அமிலம் ஆகியவை இருக்கும். மாதிரியின் குளோரைடை முன்பே அளந்து, மெர்குரிக் சல்பேட் குடுவைக்கு 0.04 கிராமாகக் குறைக்கப்பட்டுள்ளது. டைட்ரேஷன் செய்யாத குடுவைகள் பச்சை நிறம் வரும்வரை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் ஒடுக்கப்படும். குடுவைகள் ஆறியபின் கழிவும் முதல் இரண்டு அலசல் நீரும் 10 லிட்டர் எச்டிபிஇ கேனில் சேர்க்கப்படும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பப்படாது. கரைப்பான்கள், காரங்கள், சயனைடு, சல்பைடு ஆகியவை இக்கேனில் சேர்க்கப்படா. கறைபட்ட கையுறைகளும் துடைத்த தாள்களும் தனிப்பையில் போடப்படும். கேன், உள்ளடக்கமும் தொடங்கிய தேதியும் எழுதிய லேபிளுடன் பிளாஸ்டிக் தட்டின் மேல் வைக்கப்பட்டு, கல்லூரியின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்படும். எதுவும் சிங்க்கில் ஊற்றப்படாது.’

கடைசிக் கட்டத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் சேர்த்து வைக்கக்கூடாது. படிவம் 8-இன்படி லேபிள் ஒட்டி, படிவம் 10 என்ற ஆவணத்தோடு அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படியொரு பொது மையம் இயங்குகிறது. உங்கள் கல்லூரிக் கழிவு எங்கே போகிறது என்பதற்குப் பொறுப்பாளரிடம் இருக்கும் அந்த ஆவணமே சான்று. அது இல்லாத இடத்தில் பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் கேன் மூலையில் தூங்கும், அல்லது ஒரு விடுமுறை நாளில் காணாமல் போகும்.

இந்த ஆண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் முதல் குடுவையை அடுப்பில் ஏற்றும் முன்பே இந்தப் பத்தியை எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். எத்தனை லிட்டர், எத்தனை கிராம், எந்தக் கேன், யார் கையெழுத்து என்ற நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் சோதனையைத் தொடங்காதீர்கள்.