ஒரு பக்கப் பாடக்குறிப்பு

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால், அவருடைய வகுப்புகளையும் மற்றவர்தான் பார்க்க வேண்டும். இருவரும் ஒரே படிவத்தில் பாடக்குறிப்பு எழுதுவதன் பயன் அன்றுதான் தெரியும். படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போன வருடக் குறிப்பைப் பார்த்து எழுதுவதே வழக்கமாகிவிடும்.

மேலே வகுப்பு, பாடம், நாள். அடுத்தது கற்றல் விளைவு. தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். ‘கழித்தலைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால், புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ‘கடன் வாங்கி ஈரிலக்க எண்களைக் கழிப்பர்’ என்றால் சோதித்துவிடலாம்.

பொருள்கள் என்ற இடத்தில் கைக்குக் கிடைப்பதை மட்டும் எழுத வேண்டும்: பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள், சில உதிரிக் குச்சிகள். செயல்பாட்டுக்கு மூன்று வரி போதும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க, ஐந்து கட்டுகளில் ஒன்றைப் பிரித்தால் உதிரி 12 ஆகும். அதில் 7 போக 5. மீதி நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25.

மதிப்பீட்டுக்கு ஒரே கணக்கு: 43 − 18. விடை 25 வர வேண்டும். 35 என்று எழுதிய பிள்ளை, எட்டிலிருந்து மூன்றைக் கழித்திருக்கலாம்.

அதே நேரத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகச் செய்யும் வேலைக்கு ஒரு கட்டம் வேண்டும். கடைசிக் கட்டம் பாடம் முடிந்தபின் நிரப்புவது: ‘ஆறு பேருக்கு 35 வந்தது, நாளை மறுபடி குச்சி.’ மறுநாள் வகுப்புக்கு வருபவர் முதலில் படிக்க வேண்டியது இந்த வரியைத்தான்.