நாலு புள்ளிக்கு ஒரு பாலம்: வரலாற்றுச் சோதனையில் கேலிச்சித்திரக் கேள்வி

ஊரில் நாங்கள் எழுதிய வரலாற்றுச் சோதனையில் படம் வந்ததில்லை. வந்தால் அது தேசப்படமாக இருக்கும். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து என்று பாடமாக்கி எழுதிவிட்டு வந்தவர்கள் நாங்கள். அதனால் பிரித்தானியாவில் ஜீ.சீ.எஸ்.ஈ வரலாறு படிக்கும் பிள்ளை ஒரு பழைய கேலிச்சித்திரத்தை நீட்டி, இதற்கு என்ன எழுதுவது என்று கேட்டால் பெற்றோரில் பலர் கையை விரித்துவிடுகிறோம். 'சிரித்திரன்' வாசித்து வளர்ந்த தலைமுறைக்குக் கேலிச்சித்திரம் புதிதல்ல. ஆனால் சவாரித் தம்பரைப் பார்த்துச் சிரிப்பதற்கு யாரும் எங்களுக்குப் புள்ளி போட்டதில்லை. இங்கே போடுகிறார்கள்.

ஏ.கியூ.ஏ பரீட்சைச் சபையின் வரலாற்று வினாத்தாளில், 1918 முதல் 1939 வரையான காலத்தைப் பற்றிய பிரிவு இப்படியான படம் ஒன்றோடுதான் பெரும்பாலும் தொடங்கும். கேள்வியின் அமைப்பு மாறுவதில்லை. இந்தப் படம் இன்னாரை விமர்சிக்கிறது, அது உங்களுக்கு எப்படித் தெரியும், படத்தையும் உங்கள் வரலாற்று அறிவையும் பயன்படுத்தி விளக்குக என்று வரும். மொத்தம் நாலு புள்ளி. படத்திலுள்ள அடையாளங்கள், அவை சொல்லும் கருத்து, அந்தக் கருத்துக்குப் பின்னாலுள்ள காலச்சூழல் ஆகிய மூன்றும் விடையில் சேர்ந்து வரவேண்டும். படத்தில் உள்ளதை மட்டும் சொன்னால் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். விளக்கி, வரலாற்றோடு கட்டினால்தான் மூன்று, நாலு.

பிள்ளைகள் பயிற்சிக்கு அடிக்கடி எடுக்கும் ஒரு படத்தையே பார்ப்போம். 1919 டிசம்பர் 10ஆம் திகதி 'பஞ்ச்' என்ற பிரித்தானிய நகைச்சுவை வார இதழில் லெனாட் ரேவன்-ஹில் வரைந்தது. தலைப்பு, பாலத்தில் ஓர் இடைவெளி என்ற பொருளில் இருக்கும். கற்களால் கட்டிய வளைவுப் பாலம் ஒன்று. ஒரு பக்கக் கற்களில் பெல்ஜியம், பிரான்ஸ் என்றும் மறுபக்கக் கற்களில் இங்கிலாந்து, இத்தாலி என்றும் எழுதியிருக்கிறது. நடுவில் ஒரு கல்லின் அளவுக்கு வெறுமை. அந்த இடத்தில் இருக்கவேண்டிய கல் பக்கத்தில் தரையில் கிடக்கிறது. அதில் அமெரிக்காவின் பெயர். அந்தக் கல்லில் சாய்ந்தபடி, உயரத் தொப்பியும் கோடு போட்ட காற்சட்டையும் அணிந்த ஒருவர் ஆறுதலாகச் சுருட்டுப் புகைக்கிறார். பாலத்தருகே ஒரு பலகை: சர்வதேச சங்கம் என்னும் இந்தப் பாலத்தை வடிவமைத்தவர் அமெரிக்க ஜனாதிபதி என்கிறது. பிள்ளைகள் லீக் ஒஃப் நேஷன்ஸ் என்று சொல்வது இந்தச் சர்வதேச சங்கத்தைத்தான்.

முதல் சிக்கல் அந்தத் தொப்பிக்காரர். அவர் அங்கிள் சாம், அமெரிக்கா என்ற நாட்டின் உருவம். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற வீடுகளில் பிள்ளை இதை எங்கேயோ பார்த்திருக்கும். எங்கள் வீட்டுச் சுவரிலோ பேச்சிலோ அங்கிள் சாம் இல்லை. ரஷ்யாவுக்குக் கரடி, பிரித்தானியாவுக்குச் சிங்கமும் ஜோன் புல் என்ற தடித்த மனிதரும், பிரான்சுக்கு மரியான் என்ற பெண், சமாதானத்துக்குப் புறாவும் ஒலிவ் கிளையும் என்று ஒரு பத்து உருவங்களைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவை திறந்துகொள்ளும். இது புத்திக்கூர்மை சம்பந்தப்பட்ட விஷயமல்ல, பழக்கம். ஆசிரியர்கள் சிலர் இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து வகுப்பில் சொல்லாமலே போய்விடுகிறார்கள். ஆகவே வீட்டில் ஒரு மாலை இதற்கு ஒதுக்குவது நல்லது.

தெரிந்த பிள்ளைகளும் அடுத்த படியில் வழுக்குகிறார்கள். அங்கிள் சாமை ஜனாதிபதி வூட்ரோ வில்சன் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் படத்தின் குத்தல் முழுவதும் போய்விடும். வில்சன் அந்தப் படத்தில் ஆளாக இல்லை, பலகையின் எழுத்தில்தான் இருக்கிறார். சாய்ந்து கிடப்பது அவருடைய நாடு. பாலத்தை வடிவமைத்தவரின் நாடே கல்லைக் கொடுக்காமல் புகைபிடித்துக்கொண்டிருக்கிறது. பலகையையும் கல்லையும் தனித்தனியே விளங்கப்படுத்தினால் இரண்டு விவரணைகள்தான் கிடைக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான் கருத்து வெளியே வருகிறது.

அந்தக் கல்லும் ஏதோ ஒரு கல் அல்ல. வளைவு கட்டும்போது உச்சியில் கடைசியாக இறுக்கும் கல் அது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது அதனால்தான். ஆங்கிலத்தில் கீஸ்டோன் என்பார்கள், படத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. அமெரிக்கா சேரவில்லை என்று மட்டும் சொல்ல ரேவன்-ஹில் விரும்பியிருந்தால் ஓரத்துக் கல் ஒன்றை எடுத்திருக்கலாம். அமெரிக்கா இல்லாவிட்டால் மற்ற நாலு நாடுகளும் சேர்ந்தும் இந்தப் பாலம் நிலைக்காது என்பதற்காகவே உச்சிக்கல்லை எடுத்தார். அதே நேரம், படத்தில் பாலம் இன்னும் விழவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். சங்கம் இடிந்துவிட்டது என்று எழுதினால் படம் சொல்லாததைச் சொன்னதாகும். குறைபட்டு நிற்கிறது, ஆபத்தில் நிற்கிறது என்பதுவரைதான் போகலாம்.

கணக்கு வேலை செய்யும் எங்களுக்கு இது பழகிய ஒழுங்குதான். வவுச்சர் இல்லாத செலவைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். விடையில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் படத்தில் ஒரு வவுச்சர் இருக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். அமெரிக்கா அலட்சியமாக இருக்கிறது என்றால், எதை வைத்து? சுருட்டையும் சாய்ந்த கோலத்தையும் வைத்து. வரைந்தவர் பிரித்தானியர், அதனால் பக்கச்சார்பு என்று எழுதினால்? அதற்குப் படத்தில் சான்று இல்லை. இங்கே அந்த வசனத்துக்குப் பெறுமதியும் இல்லை. வேறு எந்தப் படத்துக்கும் அப்படியே ஒட்டக்கூடிய வசனத்தை வெட்டிவிடலாம்.

மூன்றாவது பகுதியான காலச்சூழலில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் புள்ளியை விடுகிறார்கள், அதுவும் கூடுதலாகத் தெரிந்திருப்பதால். சர்வதேச சங்கம் என்றதும் 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்ததும், 1935இல் முசோலினி அபிசீனியாவைத் தாக்கியதும் அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிடும். சங்கம் அவற்றைத் தடுக்கவில்லை, அதைத்தான் இந்தப் படம் காட்டுகிறது என்று எழுதுகிறார்கள். தகவல் சரி. ஆனால் திகதியைப் பாருங்கள். படம் வந்தது 1919 டிசம்பரில். சங்கம் முறைப்படி தொடங்கியதே 1920 ஜனவரி 10ஆம் திகதிதான். இன்னும் பிறக்காத சங்கத்தின் தோல்வியை ரேவன்-ஹில் எப்படி வரைந்திருப்பார்? படத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சிறிய வரியை முதலில் வாசிக்கவேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது இதற்காகத்தான். திகதிக்கு முந்தியது சூழல். பிந்தியது இந்தக் கேள்விக்கு உதவாது.

அப்படியானால் அந்த டிசம்பருக்கு முன்னர் என்ன நடந்தது? 1918 ஜனவரியில் வில்சன் தன் பதினான்கு அம்சங்களை அறிவித்தார். அதில் கடைசி அம்சம், நாடுகளைக் காக்க ஒரு பொதுச் சங்கம் வேண்டும் என்பது. 1919இல் அது வேர்சாய் உடன்படிக்கைக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கை நிறைவேற செனற் சபையில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். சங்கத்தில் சேர்ந்தால் வேறு நாட்டின் எல்லையைக் காக்கத் தங்கள் பிள்ளைகள் போருக்குப் போக நேரிடும் என்று ஹென்றி கபொட் லொட்ஜ் போன்ற குடியரசுக் கட்சியினர் எதிர்த்தார்கள். நவம்பர் 19ஆம் திகதி வாக்கெடுப்பில் உடன்படிக்கை தோற்றது. படம் வெளிவந்தது அதிலிருந்து சரியாக மூன்று வாரத்தில். இவ்வளவும் விடையில் வரத் தேவையில்லை. வில்சனின் யோசனை, செனற்றின் மறுப்பு என்ற இரண்டும் போதும். பலகைக்கு ஒன்று, கீழே கிடக்கும் கல்லுக்கு ஒன்று.

இப்போது கேள்வியைத் திரும்பப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அமெரிக்காவை விமர்சிக்கிறது என்பதைக் கேள்வியே சொல்லிவிட்டது. அதைத் திருப்பி மூன்று வரி எழுதும் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. எப்படித் தெரியும் என்பதற்குத்தான் புள்ளி. கேம்பிரிட்ஜ் ஐ.ஜீ.சீ.எஸ்.ஈ எடுக்கும் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அங்கே வரைந்தவரின் கருத்து என்ன என்று கேட்பதுண்டு, அப்போது அந்த முதல் வரியையும் பிள்ளையே கண்டுபிடிக்கவேண்டும்.

நாலு புள்ளிக்கு இந்த அளவு போதும் என்று நாங்கள் நினைக்கிறோம், பிள்ளை ஆங்கிலத்தில் எழுதப்போவதைத் தமிழில் தருகிறோம்:

"பாலத்தின் உச்சிக்கல் இல்லை. அந்தக் கல்லில் அங்கிள் சாம் சாய்ந்து புகைபிடிக்கிறார். கல் கையருகே இருந்தும் அவர் வைக்காததால், அமெரிக்கா வேண்டுமென்றே விலகிச் சங்கத்தைப் பலவீனப்படுத்துகிறது என்று படம் குற்றம்சாட்டுகிறது. 1919 நவம்பரில் செனற் சபை வேர்சாய் உடன்படிக்கையை ஏற்க மறுத்ததால் அமெரிக்கா சங்கத்தில் சேரும் வழி அடைபட்டிருந்தது. வடிவமைத்தவர் அமெரிக்க ஜனாதிபதி என்று பலகை சொல்கிறது. சங்கம் வில்சனின் பதினான்கு அம்சங்களில் ஒன்று. அதனால் தன் தலைவரின் திட்டத்தையே கைவிட்ட நாடு என்று படம் அமெரிக்காவைக் கிண்டல் செய்கிறது."

ஐந்தாறு நிமிட வேலை. நாலு புள்ளிக் கேள்வியில் கால் மணித்தியாலம் செலவழித்துவிட்டு, அடுத்து வரும் 12 புள்ளிக் கேள்விக்கு ஓடுவது நட்டக்கணக்கு.

வீட்டில் செய்துபார்க்க இன்னொரு படம் சொல்கிறோம். இதுவும் 'பஞ்ச்' இதழில் வந்தது, வரைந்தவர் பேர்னாட் பாட்ரிட்ஜ், திகதி 1919 மார்ச் 26. வில்சன் ஒரு புறாவிடம் ஒலிவ் கிளையை நீட்டுகிறார். சர்வதேச சங்கம் என்று பெயரிட்ட அந்தக் கிளை புறா தூக்கமுடியாத அளவுக்குப் பெரியது. இங்கே வில்சன் ஆளாகவே நிற்கிறார், ஆகவே விமர்சனம் யார்மேல், எதற்காக என்பது மாறுகிறது. செனற்றின் மறுப்புக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதை எழுத முடியாது. அந்த மார்ச் மாதத்தில் பாரிஸ் மகாநாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கிளை ஏன் அவ்வளவு பாரம் என்று கேளுங்கள்.