ஷூ வாய் பிளந்தால் கடைக்கு எழுத வேண்டிய கடிதம்

புது ஷூ வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் முன்பக்கம் சோல் பிரிந்து வாய் பிளந்துவிடும். பெரும்பாலானவர்கள் அதைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். புகார் சொல்லும் வாய்ப்பு அந்த இடத்திலேயே பாதி போய்விடுகிறது. ஒட்டிய பிறகு, முதலில் சோல் எப்படிப் பிரிந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. "வெளியில் கொடுத்து ஒட்டியிருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை" என்று கடைக்காரர் முடித்துவிடுவார். அதனால் பிரிந்த ஷூவைத் துடைக்காமல், ஒட்டாமல் அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள். பிரிந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். கடிதத்தில் எழுத வேண்டிய முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இன்று கடையில் விற்கும் ஷூக்களில் பெரும்பகுதி ஒட்டப்பட்டவை. சோல் ஓரத்தில் தெரியும் தையல் பல ஷூக்களில் அச்சில் வார்த்த அலங்காரம்தான். தொழிற்சாலையில் மேற்பகுதியின், அதாவது அப்பரின், அடி விளிம்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். சோலின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பிரைமர் பூசுவார்கள். இரண்டு பக்கமும் பசை தடவிக் காயவிட்டு, பிறகு சூடேற்றி, பசை இளகி இருக்கும்போதே பிரஸ்ஸில் வைத்து அழுத்துவார்கள். இதில் எந்த வேலையில் குறை நேர்ந்தாலும் அதன் தடயம் பிரிந்த இடத்தில் பதிந்திருக்கும்.

அப்பர் சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்திருந்தால், பசை முழுவதும் ஒரு ஏடாகச் சோல் பக்கமே தங்கியிருக்கும். அப்பரின் அடி, பசை பட்ட அடையாளமே இல்லாமல் வழவழவென்று தெரியும். அழுத்துவதற்குள் பசை ஆறிப்போயிருந்தால் இரண்டு பக்கமும் பசை பளபளப்பாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று கலந்திருக்காது. இந்த இரண்டுமே ஒட்டும்போது நேர்ந்த குறையைக் காட்டும் அடையாளங்கள். மாறாக, தோலின் நார் பிய்ந்து பசையோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை பிடித்திருக்கிறது, பொருள்தான் கிழிந்திருக்கிறது என்று பொருள். அது தோல் மட்டமாக இருந்ததாலும் நேரலாம், எதிலாவது பலமாக இடித்துக்கொண்டதாலும் நேரலாம்.

இன்னொரு வகை உண்டு. பசை அப்படியே இருக்கும், சோலே பிஸ்கட் போல உதிரும். சில பியூ சோல்கள் காற்றின் ஈரப்பதத்தால் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் சிதைகின்றன. யாரும் போடாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் இது நடக்கும். அப்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பல ஆண்டு பழைய சரக்கை உங்களுக்குப் புதிதென்று விற்றிருக்கலாம். பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நம் பக்கத் தவறும் இருக்கலாம். நனைந்த ஷூவை அடுப்பருகே வைத்து உலர்த்தியிருந்தாலோ, வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைத்திருந்தாலோ பசை இளகிப் பிரிய வாய்ப்புண்டு, ஏனென்றால் அது சூட்டில் இளகும் வகை. அப்படிச் செய்திருந்தால் புகார் வலுவிழக்கும். செய்யவில்லை என்று பொய்யாக எழுதவும் கூடாது.

இனி கடிதம். ஒருவர் ஜூன் 3-ஆம் தேதி 2,199 ரூபாய்க்குக் கறுப்பு ஷூ வாங்கினார், ஜூன் 26-இல் வலது கால் சோல் பிரிந்தது என்று வைத்துக்கொள்வோம். கடை மேலாளருக்கு அவர் இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். தங்கள் கடையில் ஜூன் 3 அன்று கறுப்பு ஷூ ஒரு ஜோடி, 8-ஆம் அளவு, ரூ. 2,199-க்கு வாங்கினேன். பில்லின் நகலை இணைத்துள்ளேன். அலுவலகத்துக்கு மட்டுமே போட்டு வந்தேன். தண்ணீரில் நனையவில்லை, சூட்டில் வைக்கவில்லை. ஜூன் 26 அன்று வலது ஷூவின் சோல் கட்டைவிரல் பக்கம் தொடங்கி ஏறக்குறைய மூன்று அங்குலம் பிரிந்துவிட்டது. பசை முழுவதும் சோல் பக்கமே இருக்கிறது. அப்பரின் அடி வழவழப்பாக உள்ளது, கிழிசல் எதுவும் இல்லை. இது ஒட்டும்போது ஏற்பட்ட குறை என்று கருதுகிறேன். ஷூவை வெளியில் கொடுத்துப் பழுது பார்க்கவில்லை. நேரில் காட்டத் தயாராக இருக்கிறேன். இதே ஷூவில் புது ஜோடி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இருப்பில் இல்லையென்றால் ரூ. 2,199-ஐத் திருப்பித் தர வேண்டுகிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் தாருங்கள்."

இவ்வளவு போதும். கோபத்தைக் கொட்டும் கடிதத்தில் கடைக்காரர் கோபத்துக்குத்தான் பதில் சொல்வார். இந்தக் கடிதத்துக்கு அவர் ஷூவைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் ஷூவை வாங்கி ஒட்டிக் கையில் கொடுத்து, நடவடிக்கை எடுத்தாயிற்று என்பார்கள். ஒரே ஒரு புது ஷூவைத் தர வந்தாலும் ஏற்காதீர்கள். இடதும் வலதும் வேறு வேறு நாளில் செய்த சரக்காக இருந்தால் நிறமும் தேய்மானமும் ஒத்துப்போகாது.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பில்லையும் முதல் நாளே ஜெராக்ஸ் எடுத்து வைப்பது நல்லது, வெப்பத்தாளில் அச்சாகும் எழுத்து சில மாதங்களில் மங்கிப்போகும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் கண்டு பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்தப் பலகை, நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றக் கேட்பவருக்குப் பொருந்தலாம். குறையுள்ள பொருளின் கதை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. எத்தனை நாளுக்குள் என்பது பில்லில் குறிப்பிட்டிருக்கும். எதுவும் குறிப்பிடவில்லையென்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் இதே பிரிவில்தான் வருகிறது. சோல் பிரிந்ததைப் பார்த்த வாரத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த 30 நாளுக்காகத்தான். அது கடந்துவிட்டாலும் குறையுள்ள பொருள் என்ற புகார் செத்துவிடாது, ஆனால் வேலை கடினமாகும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிச் சமரசம் செய்து பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குறை பொருளுக்குள் இருக்கிறதா என்று சோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், ஷூவை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒட்டாமல் வைத்திருந்த ஷூ அங்கே சாட்சியாகும். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, மனுச் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.