தலை விரியும், கால் விரியும்: வட்ட முத்திரையில் எழுத்து அமரும் கணக்கு

ஒரு வாசகர் வட்டத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய வேண்டும். மேலே வளைவாக ‘நூலக வாசகர் வட்டம்’, கீழே ‘மதுரை’, இரண்டுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம். வேலை அவ்வளவுதான். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வட்டம் போட்டு, எழுத்தை அதன் மேல் ஏற்றி, ஐந்து நிமிடத்தில் புரூஃப் தந்துவிடுவார். கையில் வாங்கிப் பார்த்தால் ஏதோ உறுத்தும். எழுத்து ஒன்றே, அளவு ஒன்றே. ஆனால் மேலே இருப்பது பல் விழுந்த வாய் போலவும், கீழே இருப்பது நெரிசல் பஸ் போலவும் தெரியும். கடைக்காரர் எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளிதான் வைத்திருப்பார். பிரச்சினையே அதுதான்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு துண்டுக் காகிதம் போதும். அதில் நேர்வரியாக ஒரு சொல்லை எழுதி, எழுத்துகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக, அடிவரை போகாமல் கத்தரித்துக்கொள்ளுங்கள். இப்போது காகிதத்தின் அடிப்பக்கத்தை ஒரு டம்ளரின் வாயைச் சுற்றி ஒட்டி, மேல்பக்கத்தை வெளிநோக்கி மடித்தால், வெட்டுகள் விசிறி மாதிரி விரியும். எழுத்துகளின் கால்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தலைகள் விலகும். முத்திரையின் மேல்பாதியில் நடப்பது இதுதான். கீழ்ப்பாதியில் எழுத்து தலைகீழாகிவிடாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதால், அதன் கால் வெளி விளிம்பைப் பார்க்கும், தலை மையத்தைப் பார்க்கும். அங்கே தலைகள்தான் ஒன்றோடொன்று முட்டும்.

கம்ப்யூட்டர் இடைவெளியைக் கணக்கிடுவது கால்வரியில். எழுத்து அமர்ந்திருக்கும் அந்தக் கோட்டைத்தான் டிசைனர்கள் பேஸ்லைன் என்கிறார்கள். கண்ணோ காலை மட்டும் பார்ப்பதில்லை. எழுத்தின் இடுப்புயரத்தில் எவ்வளவு வெள்ளை தெரிகிறது என்பதையே பெரும்பாலும் எடைபோடுகிறது. இந்த இரண்டு அளவுகளும் நேர்கோட்டில் ஒன்றுதான். வளைவில் பிரிந்துவிடும்.

எவ்வளவு பிரியும் என்று நம் ஸ்டாம்பையே வைத்துப் பார்ப்போம். வெளிவட்டம் 40 மில்லிமீட்டர் விட்டம், உள்வட்டம் 26. அதாவது மையத்திலிருந்து 13 மில்லிமீட்டரில் தொடங்கி 20 வரை எழுத்துக்கான பட்டை. எழுத்தின் உடல் உயரம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ‘கி’யின் கொண்டைக்கும் ‘கு’வின் வாலுக்கும் மேலும் கீழும் இடம் விட வேண்டும் என்பதால், உடலைப் பட்டையின் நடுவே, 15-க்கும் 18-க்கும் இடையில் நிறுத்துகிறோம். மேல்வரியில் கால் 15-இல் இருக்கும், தலை 18-இல். கீழ்வரியில் கால் 18-இல், தலை 15-இல். இரண்டுக்கும் இடுப்பு ஒரே இடம்தான்: 16.5.

எழுத்துகளுக்கு நடுவே 0.8 மில்லிமீட்டர் வேண்டும் என்று இரண்டு வரிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகிறது? இடுப்புயரத்தில் மேல்வரியின் இடைவெளி சுமார் 1.2 ஆக விரிகிறது. கீழ்வரியின் இடைவெளி சுமார் 0.4 ஆகச் சுருங்குகிறது. ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு. பல் விழுந்த வாயும் நெரிசல் பஸ்ஸும் வந்தது இப்படித்தான்.

திருத்தம் இதன் நேர் எதிர். மேல்வரியில் கால்களுக்கு நடுவே 0.4 மட்டும் விட வேண்டும், கீழ்வரியில் 1.2 விட வேண்டும். அப்போது இரண்டு வரியிலும் இடுப்புயரத்தில் 0.8 நிற்கும். இதைச் சுலபமாக்க ஒரு வழி உண்டு. எழுத்தை ஏற்றும் வட்டத்தையே 16.5 ஆரத்தில் வரைந்துவிட்டு, எழுத்தின் கால் அல்லாமல் நடு அந்தக் கோட்டில் உட்காரும்படி சொல்ல வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் Type on a Path Options என்ற பெட்டியில் Align to Path என்பதை Center என்று மாற்றினால் இது நடக்கும். ஆனால் அந்த மென்பொருள் நடு என்று எடுத்துக்கொள்வது கொண்டைக்கும் வாலுக்கும் நடுவை. ஃபான்டைப் பொறுத்து எழுத்து கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது, எந்த வரி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது. புதிதாகச் செய்கிறவர்கள் வட்டத்தை எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு இத்தனை டிகிரி என்று பங்கு போடுவார்கள். தமிழில் இது உடனே கெட்டுவிடும். ‘ர்’ 2 மில்லிமீட்டர் என்றால் ‘வா’ ஐந்தரை. சம பங்கு கொடுத்தால் ‘ர்’ தனித்துத் திண்டாடும், ‘வா’ பக்கத்து எழுத்தின் மேல் சாயும். சமமாக இருக்க வேண்டியது எழுத்துக்கு நடுவே உள்ள வெள்ளை. எழுத்துக்குக் கிடைக்கும் இடம் அதன் அகலத்தைப் பொறுத்தது.

இடுப்பு வட்டத்தின் சுற்றளவு சுமார் 104 மில்லிமீட்டர். ஆகவே ஒரு டிகிரிக்கு 0.288 மில்லிமீட்டர். நான் அளந்த ஃபான்டில் ‘நூலக வாசகர் வட்டம்’ என்பதன் பதினோரு எழுத்துகள், நடுவே 0.8, சொற்களுக்கு நடுவே 3 என்று கூட்டினால் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர். 0.288-ஆல் வகுத்தால் 180 டிகிரி, சரியாக அரைவட்டம். ‘மதுரை’க்கு 13.6 மில்லிமீட்டர், அதாவது 47 டிகிரி. மீதி 133 டிகிரி. பக்கத்துக்கு அறுபத்தாறரை.

மூன்றெழுத்து ‘மதுரை’ கீழே சின்னதாக இருக்கிறதே என்று பலருக்குக் கை பரபரக்கும். அதை 90 டிகிரிக்கு இழுத்துவிடுவார்கள். இழுத்தால் எழுத்துகளுக்கு நடுவே 0.8 இருந்த இடத்தில் 7 மில்லிமீட்டர் வந்துவிடும். அது ‘மதுரை’யாக இராது, ம, து, ரை என்று மூன்று தீவுகளாக நிற்கும். காலியிடத்தை நிரப்ப எழுத்தை இழுக்கக் கூடாது. ‘மதுரை மாவட்டம்’ என்று சொல்லைக் கூட்டலாம், அல்லது நட்சத்திரத்தை நகர்த்தலாம். நட்சத்திரம் கடிகாரத்தின் 9, 3 மணிகளில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. நம் கணக்கில் இரண்டு வரிகளின் முனைகளுக்கும் சரிநடுவாக வைத்தால், அது ஏறக்குறைய 8 மணியிலும் 4 மணியிலும் போய் உட்காரும். கண்ணுக்கு அதுதான் அடக்கமாக இருக்கும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, எழுத்து உடைவது. பாமினி போன்ற பழைய ஃபான்டில் ‘கொ’ ஒரே எழுத்தன்று. n, f, h என்று மூன்று சாவிகளைத் தட்டி ஒற்றைக்கொம்பு, க, கால் ஆகியவற்றை வரிசையாக வைக்கிறோம். எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டச் சொன்னால், மென்பொருள் இந்த மூன்றுக்கும் நடுவேயும் கூட்டும். ‘வா’வின் கால் சற்றே விலகினாலும் அது ‘ர’ போல் தெரியும். ‘வாசகர்’ என்று செய்யச் சொன்னது ‘வரசகர்’ என்று அச்சாகும். புள்ளியும் அப்படித்தான். பாமினியில் அது தனிச் சாவி. இடைவெளி கூடக் கூட மெய்யெழுத்தின் தலையிலிருந்து நழுவும். யூனிகோடு ஃபான்டில் அடித்தால், ஒழுங்காகத் தமிழ் அறிந்த மென்பொருள் ‘கொ’வை ஒரே உருப்படியாக எடுத்துத் திருப்பும்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மென்பொருள் எழுத்தை வளைப்பதில்லை, திருப்பி மட்டும் வைக்கிறது. 15 மில்லிமீட்டர் ஆரத்தில் 5 மில்லிமீட்டர் அகல எழுத்தை வைத்தால், அதன் இரு ஓரமும் வட்டத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் விலகும். கண்ணுக்குப் படாது. 9 மில்லிமீட்டர் அகலமுள்ள ‘கொ’வை ஒரே துண்டாக வைத்தால் விலகல் 0.7 மில்லிமீட்டரைத் தொடும். வண்டிச் சக்கரத்தில் பலகை அடித்த மாதிரி இருக்கும். அங்கே கொம்பையும் காலையும் தனித்தனியே திருப்பி, நடுவே உள்ள வெள்ளையை மட்டும் மற்ற இடைவெளிகளைவிடக் குறைவாக வைப்பதே சரி. அது கை வேலை.

இரண்டாவது, தமிழ் எழுத்தின் வாய். ‘ட’வுக்கு மேல்பக்கம் திறந்திருக்கிறது. ‘ர’வுக்கும் காலுக்கும் கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறது. மேல்வரியில் தலைகள் விரியும் என்று பார்த்தோம். ஏற்கெனவே மேலே திறந்திருக்கும் ‘ட’ அங்கே பெரிய ஓட்டையாகிவிடும். ‘வட்டம்’ என்ற சொல்லில் இரண்டு ஓட்டை அடுத்தடுத்து வருகிறது. ஆகவே இரண்டு ‘ட’வுக்கும் நடுவே எல்லா இடத்தையும்விடக் கொஞ்சம் நெருக்க வேண்டும். கீழ்வரியில் கதை மாறும். அங்கே தலைகள் கூடுவதால் ‘ட’வின் ஓட்டை தானாக அடைபடும். கால்கள் விரிவதால் ‘மதுரை’யின் ‘ரை’ அருகே வெள்ளை கூடும், அங்கே நெருக்க வேண்டும். ஒரே எழுத்துக்கு மேலே ஒரு வைத்தியம், கீழே ஒரு வைத்தியம். எண்ணைக் கொடுத்து முடிக்க முடியாத கடைசிப் படி இது.

இங்கிலாந்து நாணயங்களில் பெயரும் பட்டமும் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரே ஓட்டமாகப் போகும். எல்லா எழுத்தின் தலையும் வெளியே பார்க்கும், கீழே வருவது தலைகீழாகவே நிற்கும். இரண்டு கால்வரி என்ற தொல்லை அங்கே இல்லை. நாணயத்தைக் கையில் சுற்றிப் படிக்கலாம். கடிதத்தில் குத்திய முத்திரையைச் சுற்ற முடியாது. ஆகவே ஸ்டாம்பில் கீழ்வரியை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும், அதற்கான கணக்கையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கையெழுத்துப் போட்டு புரூஃபை ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டுவதை நம்பாமல், 40 மில்லிமீட்டரிலேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் கண் சொல்லை விட்டுவிட்டு வெள்ளையைப் பார்க்கும், ஓட்டைகள் தாமாகத் தெரியும். கடைசியாக, ‘வா’வில் காலும், ‘ர்’, ‘ட்’, ‘ம்’ மூன்றிலும் புள்ளியும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று விரல் வைத்து எண்ணுங்கள். ரப்பரில் அறுத்த பிறகு புள்ளியை நகர்த்த முடியாது.