ஞாயிறு மாலை 6 மணி: அம்மா

"கண்ணுக்கு மருந்து விடுறீங்களாம்மா?" என்றால் "விடுறேன்ப்பா" என்பார். பேச்சு முடிந்தது. போன வாரம் "மருந்து தீரப்போகுது" என்று அவர் சொன்னது நினைவிருந்தால்தான் "புதுசு வாங்கியாச்சா?" என்று கேட்க முடியும். நினைவூட்டலோடு குறிப்பும் வேண்டியது அதற்குத்தான்.

கூகுள் காலண்டரில் வாரந்தோறும் திரும்பும் நிகழ்வாக இதைப் போட்டு, விவரப் பெட்டியில் பேசியதை எழுதலாம். பலர் சறுக்குவது சேமிக்கும்போது. எந்த நிகழ்வை மாற்றுவது என்று அது கேட்கும். "This event" என்றால் குறிப்பு அந்த ஞாயிறோடு நின்றுவிடும். அடுத்த வாரம் பெட்டியில் அது இருக்காது. "This and following events" என்றால் வரும் வாரங்களிலும் கூடவே வரும்.

புது வரியைத் தேதியோடு மேலே எழுதுங்கள்: "மார்ச் 8: மருந்து தீரப்போகிறது. மாடிக் குழாய் ஒழுகுகிறது. சித்தியோடு மனத்தாங்கல், நாமாகக் கேட்க வேண்டாம்." அடுத்த முறை முதல் கேள்வி தயார். தீர்ந்த விஷயத்தை அழித்துவிடலாம்.

தங்கையையும் அந்த நிகழ்வில் சேர்த்தால் குறிப்பு அவருக்கும் தெரியும். அவரைப் பற்றி அம்மா புலம்பியதை மட்டும் அங்கே எழுதாதீர்கள்.