போன பணத்தை மீட்டுத் தர்றோம், முதல்ல கட்டணம் கட்டுங்க: இந்த அழைப்பை நம்பலாமா?

ஆன்லைன் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைத் தேடி இரண்டாவதாக ஒரு கூட்டம் வருகிறது. "சைபர் ரெக்கவரி ஏஜென்ட்", "சட்ட ஆலோசனை நிறுவனம்", சில சமயம் "சைபர் கிரைம் அதிகாரி" என்றே சொல்லிக்கொள்வார்கள். போன பணத்தை முழுசா வாங்கித் தர்றோம், அதற்கு முன்னால் ஒரு சிறிய கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். இதுவும் மோசடிதான். ஏன் என்று புரிய, பறிபோன பணம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பணம் எங்கே நிற்கிறது?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர், மொத்த விலையில் சரக்கு தருவதாகச் சொன்ன போலி விளம்பரத்தை நம்பி 1,20,000 ரூபாய் அனுப்பிவிடுகிறார். ஏமாந்தது தெரிந்ததும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்கிறார். அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

1930-ல் புகார் பதிவானதும் அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செல்கிறது. மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே கணக்கில் விட்டுவைப்பதில்லை. நிமிடக் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது கணக்கு என்று மாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். வங்கிகள் அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து, எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை நிறுத்தி வைக்கின்றன. நம் கடைக்காரர் விஷயத்தில் 72,000 ரூபாய் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, 48,000 ரூபாய் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது என்று கொள்வோம்.

இந்த 48,000 ரூபாய் தானாக அவர் கணக்குக்கு வந்துவிடாது. காவல் நிலையத்தில் வழக்கு விவரம் சேர்ந்த பிறகு, பணத்தை விடுவிக்கக் கேட்டு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவு இதற்கு உதவுகிறது. நீதிமன்றம் உத்தரவிட்டால், வங்கி நேராக அவர் கணக்கில் பணத்தை வரவு வைக்கும்.

மிச்சம் 72,000 ரூபாயைப் பெற, குற்றவாளிகள் பிடிபட வேண்டும், அவர்களிடமிருந்து பணமோ சொத்தோ கைப்பற்றப்பட வேண்டும். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

ஆக, நிறுத்தி வைத்த பணத்தின் மேல் கை வைக்க முடிந்தவர்கள் வங்கி, காவல்துறை, நீதிமன்றம் ஆகிய மூவர்தான். வெளியே உட்கார்ந்திருக்கும் ஏஜென்டுக்கு இதில் எந்தப் பிடியும் இல்லை. "ஹேக் பண்ணி திருப்பி எடுத்துடுவோம்" என்பதும் பொய்.

ஏஜென்ட் எப்படிப் பேசுவார்?

சில வாரம் கழித்து அதே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது. "சார், உங்க 1,20,000 ரூபாய் கேஸ் எங்ககிட்ட வந்திருக்கு. பணம் ரெடியா இருக்கு, ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டுங்க."

தொகையைச் சரியாகச் சொல்கிறாரே என்று நமக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அந்தத் தொகை முதலில் ஏமாற்றியவருக்கும் தெரியும். ஏமாந்தவர்களின் பெயர், எண், தொகை அடங்கிய பட்டியல்கள் மோசடிக் கும்பல்களுக்குள் விலைக்குக் கைமாறுகின்றன. முதல் கும்பலே வேறு பெயரில் மறுபடி வருவதும் உண்டு. சமூக ஊடகத்தில் "என் பணம் போச்சு, யாராவது உதவுங்க" என்று போட்ட பதிவிலிருந்தும் உங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

கட்டணம் சின்னதாகத்தான் தொடங்கும். முதலில் 5,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 900 ரூபாய். கட்டியதும் முத்திரை போட்ட ஒரு கடிதம் வரும். பிறகு "நீதிமன்றக் கட்டணம்" 12,000, அடுத்து "ரிசர்வ் வங்கி அனுமதி" 9,800. இப்படி 27,700 ரூபாய் போன பிறகு அந்த எண் அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் "இவ்வளவு கட்டிட்டோம், இதையும் கட்டிப் பார்ப்போம்" என்ற எண்ணம்தான் நம்மை இழுக்கிறது.

சிலர் போன் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள். அதைச் செய்தால் உங்கள் ஓடிபியும் வங்கிச் செயலியும் அவர்கள் கண்முன் திறந்து கிடக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதை

அமெரிக்காவில் கிரிப்டோ மோசடியில் ஏமாந்தவர்களைப் போலி வக்கீல் நிறுவனங்கள் மறுபடி ஏமாற்றுவதாக எஃப்பிஐ 2024 ஜூனில் எச்சரித்தது. 2023 பிப்ரவரி முதல் ஓராண்டில் இப்படிப் பறிபோனதாகப் புகாரான தொகை 99 லட்சம் டாலருக்கு மேல். தொலைபேசி வழியாகப் பண மீட்புச் சேவை விற்பவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு விதியே இருக்கிறது: மீட்ட பணம் வாடிக்கையாளர் கையில் சேர்ந்து ஏழு வேலை நாள் ஆகும் வரை கட்டணம் வாங்கக் கூடாது.

உண்மையான வக்கீலை எப்படி அறிவது?

மனு போட வக்கீல் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அவர் தன் வேலைக்குக் கட்டணம் வாங்குவார். ஆனால் இந்திய பார் கவுன்சில் விதிப்படி, வக்கீல் மீட்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது, தானாக ஆள் பிடிக்கவும் கூடாது. எனவே "20 சதவீதம் எங்களுக்கு, பணம் நிச்சயம்" என்று தானே போன் செய்பவர் முறையான வக்கீலாக நடந்துகொள்ளவில்லை. வசதி இல்லாதவர்களும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் பெறலாம். அதற்கான எண் 15100.

நீங்கள் செய்ய வேண்டியது

- பணம் போனது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.
- தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கூகுளில் தேடி வரும் "ரெக்கவரி ஹெல்ப்லைன்" எண்களுக்கு அழைக்காதீர்கள்.
- புகாரின் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்து, நிலையை அதே தளத்தில் பாருங்கள். "கேஸ் எங்ககிட்ட இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்தக் காவல் நிலையம் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டு, அந்த நிலையத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள்.
- எவ்வளவு தொகை எந்த வங்கியில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று உங்கள் புகாரைக் கவனிக்கும் காவல் அலுவலரிடம் கேளுங்கள். மனு போட அந்த விவரம் தேவை.

ஏஜென்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அது தனி மோசடி. அதற்கும் 1930-ல் தனியாகப் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் போலிக் கடிதத்தையும் அழித்துவிடாதீர்கள், அவை சாட்சியம். திரைப் பகிர்வுச் செயலி இறக்கியிருந்தால் இணைய இணைப்பை அணைத்து, செயலியை நீக்கி, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கை நிறுத்துங்கள். பிறகு பின் எண்ணை மாற்றுங்கள். அழைத்தவரின் எண்ணை sancharsaathi.gov.in தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவித்தால், அந்த எண் மீது நடவடிக்கை எடுக்க வழியாகும்.