பெருமை எங்கே ‘பேர்’ ஆகிறது?

மேல்நிலை வகுப்பு மாணவர்களைப் புணர்ச்சியில் அதிகம் குழப்புவது பண்புப்பெயர்தான். பெருமை, சிறுமை, கருமை, செம்மை என ‘மை’யில் முடியும் சொற்கள் இன்னொரு சொல்லோடு சேரும்போது என்னென்ன ஆகும் என்று நன்னூலின் 136ஆம் நூற்பா வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு, எந்தச் சொல்லுக்கு எந்த விதி என்று தெரியாமல் விழிப்பவர்களே அதிகம். அவர்களுக்காக ஒரு சிறிய அட்டவணை:

| சேரும் சொற்கள் | படிப்படியான மாற்றம் | முடிவு |
|---|---|---|
| பெருமை + வழி | பெரு + வழி (ஈறுபோதல்) | பெருவழி |
| பெருமை + ஊர் | பெரு + ஊர் → பேரு + ஊர் (ஆதிநீடல்) → பேர் + ஊர் | பேரூர் |
| சிறுமை + ஊர் | சிறு + ஊர் → சிற்று + ஊர் (தன்னொற்றிரட்டல்) → சிற்ற் + ஊர் | சிற்றூர் |
| கருமை + கடல் | கரு + கடல் → கருங் + கடல் (இனமிகல்) | கருங்கடல் |
| செம்மை + தமிழ் | செம் + தமிழ் → செந் + தமிழ் (முன்நின்ற மெய்திரிதல்) | செந்தமிழ் |

முதல் படி எல்லாவற்றுக்கும் ஒன்றே: ‘மை’ போய்விடும். அதற்குப் பிறகு, வரும் சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். பெருவழியில் ‘வ’ வந்ததால் வேறு மாற்றம் இல்லை. பேரூரில் உயிரெழுத்து வந்ததால் ‘பெ’ நீண்டு ‘பே’ ஆனது. ‘ரு’வில் இருந்த உகரம் உதிர, எஞ்சிய ‘ர்’மேல் ‘ஊ’ ஏறிக்கொண்டது. பேராசை, பேரின்பம், பேராசிரியர் எல்லாம் இதே வழியில் வந்தவை.

விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடம் கடைசி இரண்டு வரிசைகள். கருங்கடல், செந்தமிழ் இரண்டிலும் நடுவில் மெல்லெழுத்து இருப்பதால், இரண்டுக்கும் இனமிகல் என்று எழுதிவிடுகிறார்கள். ‘மை’யை நீக்கிவிட்டு மிஞ்சுவதைப் பார்த்தால் வேறுபாடு புரியும். ‘கரு’வில் மெல்லெழுத்தே இல்லை; ‘ங்’ புதிதாக வந்து சேர்ந்தது. ‘செம்’மில் ‘ம்’ ஏற்கெனவே இருக்கிறது. அது ‘த’வுக்கு இணங்கி ‘ந்’ ஆக மாறியது. முன்னது மிகுதல், பின்னது திரிதல்.

ஆனால் இந்த அட்டவணையை வாய்ப்பாடு போல எல்லாச் சொல்லுக்கும் ஓட்ட முடியாது. முதுமை + ஊர் மூதூர். புதுமை + ஊர் என்றால் பூதூர் அல்ல, புத்தூர். முதலாவதில் எழுத்து நீண்டது, இரண்டாவதில் ஒற்று இரட்டித்தது. சிறுமை + ஊர் சங்கப் பாடல்களில் சீறூர் என்றும் வரும். குறுமையோடு கதை சேர்ந்தால் குறுங்கதை. சிறுமையோடு அதே கதை சேர்ந்தால் சிறுகதை, ‘ங்’ வருவதில்லை. இந்த இடங்களில் வழக்கில் இருக்கும் சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பிரித்துத்தான் விதியைக் காட்ட வேண்டும்.